மருத்துவ ஆலோசனையை மீறிச் சென்றவர் குறிப்பு: திருத்தி எழுத வேண்டும்

வணக்கம் குன்னூர் செவிலியர் தோழமைகளே. வெள்ளி மாலை 4 மணிப் பயிற்சிக்கு இந்தக் குறிப்பைத் திருத்தி எழுதி வாருங்கள்: “நெஞ்சுவலி நோயாளி பிடிவாதம் பிடித்து ஓடிவிட்டார்.”

1. ‘பிடிவாதம்’ நம் தீர்ப்பு, அது வேண்டாம். நடந்ததை எழுதுங்கள்: “முதல் இசிஜி இயல்பு. இரண்டாவது ட்ரோபோனின் எடுக்குமுன் மாலை 5.10க்குச் சென்றார். தெளிவாகப் பேசினார்.”

2. “அபாயம் விளக்கப்பட்டது” போதாது. “மாரடைப்பு, திடீர் மரணம் நேரலாம் என மருத்துவர் தமிழில் சொன்னார். நோயாளி அதைத் தம் சொற்களில் திருப்பிச் சொன்னார்.”

3. காரணம் அவர் வாய்மொழியிலேயே: “எஸ்டேட் லைன்ல புள்ளைங்க தனியா இருக்கு, கடைசி பஸ் போயிடும்.”

4. கொடுத்த மாத்திரை, எப்போது திரும்பி வரச் சொன்னோம், கையெழுத்து. மறுத்தால் அதையும் எழுதுங்கள்.

நிஜக் கோப்பில் பழைய வரியை அழிக்கவே கூடாது. இன்றைய தேதி, நேரத்துடன் கூடுதல் குறிப்பாகச் சேருங்கள்.

வருபவர்கள் வியாழன் இரவுக்குள் ‘சரி’ என்று பதில் போடுங்கள்.