கேன்சல் பண்ணது அவங்க, காசு போனது உனக்கா?

மச்சான்,

உன் மெசேஜும் நீ அனுப்புன ஸ்க்ரீன்ஷாட்டும் பார்த்தேன், பார்த்ததுல இருந்து செம கோவம். சாயங்காலம் பஸ்காரன் போன் பண்ணி பஸ் போகலன்னு சொல்றான், நீங்களே ஆப்ல கேன்சல் பண்ணிடுங்க ஃபுல் அமௌன்ட் வந்துடும்ங்குறான், நீ மாட்டேன்னதும் அவனே கேன்சல் பண்ணிட்டு பாதி காசைப் பிடிச்சுட்டான். இது சும்மா விடுற விஷயமே இல்ல.

நான் இத்தனை வருஷம் டிக்கெட் புக்கிங் பக்கம்தான இருந்தேன், இப்போ அக்கவுன்ட்ஸுக்கு மாத்திட்டாங்க, அது தனிக் கதை, நேர்ல சொல்றேன். அதனால உள்ள என்ன நடந்திருக்கும்னு தெரியும். ஒரு டிக்கெட் கேன்சல் ஆச்சுன்னா யார் பண்ணதுன்னு சிஸ்டத்துல பதிவாகும், பேசஞ்சரா ஆபரேட்டரான்னு. ஆபரேட்டர் சர்வீஸையே கேன்சல் பண்ணா முழுசா திருப்பிக் குடுக்கணும். பேசஞ்சர் கேன்சல்னு பதிவாச்சுன்னா பஸ் கிளம்ப எவ்வளவு நேரம் இருக்குன்னு பார்த்து சதவீதம் பிடிக்கும், கடைசி நேரம்னா 50 சதவீதம், சில பஸ்ல முழுசுமே போயிடும். உனக்கு வந்த எஸ்எம்எஸ்ஸை நல்லா படி, "உங்கள் கோரிக்கையின்படி ரத்து செய்யப்பட்டது"ன்னு இருக்கு. நீ கோரிக்கையே வைக்கலயே! அந்த ஒரு வரிதான் தப்பு, உன் காசு அங்கதான் போயிருக்கு. உன்னையே கேன்சல் பண்ணச் சொன்னதும் இதுக்குத்தான், நீ பட்டனை அமுக்கியிருந்தா அது உன் கேன்சலாவே ஆகியிருக்கும். நீ மாட்டேன்னு சொன்னது ரொம்ப நல்லது.

அதனால லெட்டர்ல சார்ஜ் அதிகம், கொஞ்சம் பார்த்துக் குறைங்கன்னு கேட்காத. கேன்சல் பதிவு தப்பு, மாத்துங்கன்னு கேளு. இன்னொன்னு, ஆப் கம்பெனிக்கும் பஸ்காரங்களுக்கும் ஒரே மெயிலா அனுப்பு, ரெண்டு பேர் அட்ரஸும் மேலயே இருக்கட்டும். தனித்தனியா அனுப்புனா இவன் ஆப்ல கேளுங்கம்பான், அவங்க ஆபரேட்டர் கன்ஃபர்ம் பண்ணலம்பாங்க, நடுவுல நீ பந்தாடப்படுவ.

நான் எழுதித் தர்றேன், பிஎன்ஆரும் தேதியும் மட்டும் போட்டுக்கோ:

"மேற்கண்ட பயணத்துக்கு நான் முழுத்தொகை செலுத்தி சீட் பதிவு செய்திருந்தேன். பயண நாளன்று பஸ் ஆபரேட்டரின் எண்ணிலிருந்து அழைத்து பஸ் இயங்காது என்றார்கள். நான் ரத்து கோரவில்லை, ஆப்பிலும் ரத்து செய்யவில்லை. ஆனாலும் இது பயணி செய்த ரத்தாகப் பதிவாகி, கட்டணத்தில் பாதி பிடிக்கப்பட்டுள்ளது. ரத்து பதிவை ஆபரேட்டர் ரத்து எனத் திருத்தி, மீதித் தொகையையும் புக்கிங் கட்டணத்தையும் நான் பணம் செலுத்திய அதே கணக்குக்குத் திருப்பி அனுப்பவும். இதுவரை வந்தது பகுதித் தொகை மட்டுமே, அதை முழுத் தீர்வாக நான் ஏற்கவில்லை. ஏழு நாட்களுக்குள் ரீஃபண்ட் ரெஃபரன்ஸ் எண்ணுடன் பதில் தரவும்."

கூடவே மூணு ஸ்க்ரீன்ஷாட் வை: அவன் கூப்பிட்ட கால் லாக், அந்த எஸ்எம்எஸ், நீ கட்டுன மொத்த அமௌன்ட் தெரியிற டிக்கெட். கால் லாக்ல இருக்குற நேரமும் கேன்சல் ஆன நேரமும் பக்கத்துப் பக்கத்துல இருந்தா, அதை மெயில்ல ஒரு வரியா எழுதிடு, அதுக்கு மேல அவங்களால நீதான் கேன்சல் பண்ணன்னு சொல்றது கஷ்டம். பஸ் நிஜமாவே போகலயா, இல்ல உன் சீட்டை வேற யாருக்கோ வித்துட்டானான்னு நமக்குத் தெரியாது, அதனால அதை எழுதாத, நிரூபிக்க முடியாத ஒன்னைச் சொன்னா அதையே பிடிச்சுட்டு இழுப்பாங்க. வேற பஸ்ல அதிகக் காசு குடுத்துப் போனியே, அதையும் இதுல சேர்க்காத, அது நஷ்டஈடு, தனியா சண்டை போட வேண்டியது, ரெண்டையும் கலந்தா சுலபமா வர வேண்டிய காசும் அதோட சேர்ந்து தேங்கிடும்.

ஆப் வாலட்ல போடுறோம், கூப்பன் தர்றோம்னு கூப்பிடுவாங்க பாரு, ஓகே சொல்லிடாத. நீ ஓகே சொன்னா அவங்க அங்கயே உன் கம்ப்ளைன்ட்டை க்ளோஸ் பண்ணிடுவாங்க, அப்புறம் தொறக்க வைக்குறது பெரும்பாடு. பதிலே வரலன்னா நீ கார்டுல தான கட்டுன, பேங்க்ல டிஸ்ப்யூட் போடலாம், சேவை கிடைக்கலங்குற காரணத்துல, பிடிச்ச தொகைக்கு மட்டும். அதுக்கு ஒரு காலக்கெடு இருக்கு, பேங்குக்கு பேங்க் மாறும், அதனால மாசக்கணக்கா மெயில்லயே இழுத்துட்டு இருக்காத. ஆனா அவங்க ரீஃபண்ட் அனுப்பிட்டோம்னு ரெஃபரன்ஸ் நம்பர் குடுத்தா மொதல்ல அதை பேங்க்ல காட்டிக் கேளு, காசு வழியில இருக்கலாம், அப்போ டிஸ்ப்யூட் போட்டா ரெண்டும் சிக்கிக்கும்.

இன்னைக்கே அனுப்பிடு, எனக்கும் ஒரு காப்பி போடு. அவங்க என்ன பதில் குடுத்தாலும் அப்படியே ஃபார்வேர்ட் பண்ணு, அடுத்து என்ன எழுதணும்னு நான் பார்த்துக்குறேன். வீட்டுல எல்லாரையும் கேட்டேன்னு சொல்லு.