நம் அமைப்பு விதிகளில் உள்ள "ஹிஸ்": ஆலய நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்பும் மதிப்பும் கொண்ட தலைவர் அம்மா அவர்களுக்கும் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம். நம் ஆலயத்தின் ஆங்கில அமைப்பு விதிகளைத் திருத்தப் போவதாக அறிவித்து, வரைவையும் அனுப்பியிருந்தீர்கள். டர்பனில் வழக்கறிஞர் அலுவலகங்களில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உயில்களையும் ஒப்பந்தங்களையும் தட்டச்சு செய்து திருத்திக் கொடுத்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் வரைவை வரிவரியாகப் படித்தேன். படித்தபின் சும்மா இருக்க மனம் வரவில்லை.

இந்த விதிகளை எழுதிய காலத்தில் நம் பெண்கள் கோலம் போட்டார்கள், பொங்கல் வைத்தார்கள், பந்தி பரிமாறினார்கள். கூட்டத்தில் கை தூக்கவில்லை. அதனால் உறுப்பினர் என்று வரும் இடமெல்லாம் "ஹி", "ஹிஸ்". தலைமைப் பதவியின் பெயர் "சேர்மன்". இன்றும் தலைவர் அம்மா ஒவ்வொரு கடிதத்திலும் "சேர்மன்" என்ற சொல்லுக்கு மேலேதான் கையெழுத்திடுகிறார். இதை மாற்ற முனைந்தது நல்ல காரியம். மாற்றிய விதம்தான் விதிகளைப் படிக்க முடியாதபடி ஆக்கிவிட்டது.

சந்தா விதியைப் பாருங்கள். பழைய வாசகம் இது: "எனி மெம்பர் ஹூ ஃபெயில்ஸ் டு பே ஹிஸ் சப்ஸ்கிரிப்ஷன் பை 31 மார்ச் ஷல் ஃபார்ஃபிட் ஹிஸ் ரைட் டு வோட் அன்டில் ஹி ஹாஸ் பெய்ட் ஹிஸ் அரியர்ஸ்." மார்ச் 31-க்குள் சந்தா கட்டாதவர், நிலுவையைக் கட்டும்வரை வாக்களிக்க முடியாது. இவ்வளவுதான் விஷயம். இதற்குள் ஆண்பால் சொல் நான்கு. வரைவில் நான்கு இடத்திலும் "ஹிஸ் ஆர் ஹர்", "ஹி ஆர் ஷி" என்று நிரப்பியிருக்கிறீர்கள். வாய்விட்டு வாசித்தால் மூச்சு முட்டுகிறது; சந்தா எது, நிலுவை எது என்பதே காதில் விழவில்லை.

உண்மையில் அந்த நான்கில் ஒன்றுகூடத் தேவையில்லை. முதல் "ஹிஸ்" இருந்த இடத்தில் "த" போதும். உறுப்பினர் அடுத்தவர் சந்தாவையா கட்டப் போகிறார்? "ஃபார்ஃபிட் ஹிஸ் ரைட் டு வோட்" என்பதை "மே நாட் வோட்" என்று வினையாகச் சொன்னால் இரண்டாவதும் போய்விடும். நம் நாட்டின் 1996 அரசமைப்புச் சட்டமே தடைகளை "மே நாட்" என்றும், கடமைகளைப் பழைய "ஷல்" இல்லாமல் "மஸ்ட்" என்றும்தான் எழுதுகிறது. கடைசிப் பகுதி, "அன்டில் த அரியர்ஸ் ஆர் பெய்ட்". ஆக முழு விதி: "எ மெம்பர் ஹூ ஃபெயில்ஸ் டு பே த சப்ஸ்கிரிப்ஷன் பை 31 மார்ச் மே நாட் வோட் அன்டில் த அரியர்ஸ் ஆர் பெய்ட்." பழையதைவிடச் சிறியது, ஆண் பெண் இருவருக்கும் பொது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பழைய வாசகத்தில் உறுப்பினரே கட்ட வேண்டும். புதியதில் யார் கட்டினாலும் நிலுவை தீர்ந்துவிடும். வயதான ஆயாவின் சந்தாவைப் பேரன் கட்டுவது நம்மிடையே வழக்கம் என்பதால் இது நல்லதுதான். ஆனாலும் அது குழு தெரிந்தே எடுத்த முடிவாக இருக்க வேண்டும். செயப்பாட்டு வினைக்கு மாறும்போதெல்லாம் "யார்" என்பது வாக்கியத்திலிருந்து விழுந்துவிடும். சில விதிகளில் அந்த "யார்"தான் விதியின் உயிர்.

சுட்டுப்பெயரை இப்படி நீக்க முடியாத இடங்களில் ஒருவருக்கே "தே" என்று எழுதலாம். அது இலக்கணப் பிழை என்று குழுவில் ஒருவர் வாதிட்டதாக அறிந்தேன். தமிழர் நாம் அப்படிச் சொல்லலாமா? "அவர்" என்பதும் ஒரு காலத்தில் பலர்பால் மட்டுமே. பிறகு மரியாதைக்காக ஒருவரைக் குறிக்க வந்தது. பலரைக் குறிக்க "அவர்கள்" என்று தனியாக ஒரு சொல் ஏற்பட்டது. ஆணா பெண்ணா என்று சொல்லாமலே "உறுப்பினர் வந்தார்" என்கிறோம், ஒருவருக்கும் உறுத்துவதில்லை.

ஆனால் ஆங்கிலத்தில் "அவர்கள்" என்ற இரண்டாவது படி ஏற்படவில்லை. ஒருவருக்கும் பலருக்கும் "தே" ஒன்றுதான். வரைவின் வங்கிக் கணக்கு விதி இந்த இடத்தில்தான் சறுக்குகிறது. தலைவர் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும், "பிஃபோர் தே சைன்" என்று இருக்கிறது. கையெழுத்திடுவது தலைவரா, செயலாளரா, இருவருமா? பழைய "ஹி" இருந்தபோதும் முதல் இருவரில் யார் என்ற குழப்பம் உண்டு. "தே" வந்ததும் மூன்றாவது பொருளும் சேர்ந்துகொண்டது. வங்கியில் இதைக் காட்டினால் என்ன ஆகும்? வாக்கியத்தில் இரண்டு ஆட்கள் இருந்தால் பதவிப் பெயரையே மறுபடி எழுதுங்கள்: "பிஃபோர் த சேர்பெர்சன் சைன்ஸ்". விதிகளில் ஒரே சொல் திரும்ப வருவது குறையல்ல. அந்தச் "சேர்பெர்சன்" பெண் தலைவருக்கு மட்டும் என்று ஆகிவிடவும் கூடாது. நாளை ஓர் ஐயா தலைவரானால் அவரும் "சேர்பெர்சன்" தான். நாடாளுமன்றத்தின் மாகாணங்கள் அவைக்கு அரசமைப்புச் சட்டம் தரும் பதவிப் பெயரும் அதுவே.

வரைவின் நான்காம் பக்கத்தில் "ஹிஸ்டரி" என்ற சொல் "தெயர்டரி" ஆகிக் கிடக்கிறது. கணினியில் ஒரே அழுத்தில் எல்லாவற்றையும் மாற்றியதன் விளைவு. `Find whole words only` என்பதைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு, "ஆண்பாற் சொல் பெண்ணையும் குறிக்கும்" என்று கடைசி விதியே சொல்கிறதே என்றும் கேட்கிறார்களாம். 1957-ஆம் ஆண்டின் சட்டச்சொற் பொருள்கோள் சட்டத்திலும் இதே வாசகம் உண்டு. அது ஒருவழிப் பாதை என்பதை மறந்துவிடுகிறோம். நம் மரண உதவி நிதி விதி, இறந்த உறுப்பினரின் "விடோ"வுக்குப் பணம் என்கிறது. "விடோ" ஆண்பாற் சொல் அல்ல. கடைசி விதி அதைத் தொடாது. ஆகவே முப்பது ஆண்டு சந்தா கட்டிய ஓர் அக்கா இறந்தால், அவர் கணவருக்கு இந்த விதிப்படி ஒரு ரேண்டும் இல்லை.

வரைவில் அதை ஓசையில்லாமல் "ஸ்பவுஸ்" என்று மாற்றிவிட்டீர்கள். "ஸ்பவுஸ்" சரியான சொல்தான். ஆனால் மற்றவை சொல் திருத்தம். இது உரிமை மாற்றம், நிதியிலிருந்து வெளியே போகும் பணத்தின் மாற்றம். அந்தச் சொல்லுக்கு விளக்கமும் தேவை. ஐயர் முன்னிலையில் தாலி கட்டி, அரசில் பதியாமல் வாழ்ந்த தம்பதிகள் நம்மிடையே எத்தனை பேர்! உயில் எழுதாமல் இறந்தவரின் வாரிசுரிமைச் சட்டத்தில் உள்ள "ஸ்பவுஸ்" என்ற சொல், இந்துச் சடங்குப்படி ஒருதார மணம் செய்தவரையும் குறிக்கும் என்பதற்கு 2008-இல் டர்பன் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு தேவைப்பட்டது. நம் விதியில் அதை ஒரு வரியில் எழுதிவிட்டால் யாரும் நீதிமன்றப் படி ஏற வேண்டியதில்லை.

எனவே பொதுக்குழுவில் மற்றத் திருத்தங்களை ஒன்றாக வைத்து வாக்கெடுங்கள். மரண உதவி விதியைத் தனித் தீர்மானமாகக் கொண்டுவந்து, ஆங்கிலத்திலும் தமிழிலும் உரக்க வாசித்து, தனியாக வாக்கெடுங்கள். வரைவின் எல்லாப் பக்கங்களிலும் என் திருத்தங்களைப் பென்சிலில் குறித்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்கு வரும்போது செயலாளர் ஐயாவிடம் தருகிறேன்.

இப்படிக்கு,
சந்தா நிலுவை இல்லாத ஓர் உறுப்பினர்,
டர்பன்