விநாடிக்கு 16 பிரேம்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். பழைய ரீல்களைச் சரிசெய்து தரும் வேலை எனக்கு இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. சமீபத்தில் வந்த ஒன்றைப் பற்றி உனக்கு எழுதியே ஆக வேண்டும்.

எண்பது தாண்டிய தம்பதி. கல்யாணம் 1962-ல் நடந்தது. மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் தன் 8 மி.மீ. கேமராவில் படம் எடுத்திருக்கிறார். அவர் வேலை கிடைத்து வெளியூர் போனபோது ரீலும் அவருடைய பெட்டியோடு போய்விட்டது. அவர் காலமான பிறகு அலமாரியைக் காலி செய்த மகள், டப்பாவின் மேல் எழுதியிருந்த பெயர்களைப் பார்த்து இவர்களைத் தேடிப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். அதனால் தங்கள் கல்யாணப் படத்தை இவர்கள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை மூக்கில் ஏறியது. அசிடேட் படச்சுருள் கெட ஆரம்பித்தால் அப்படித்தான் வாடை அடிக்கும். சுருளும் கொஞ்சம் சுருங்கியிருந்தது. சுருங்கினால் ஓரத்துத் துளைகளின் இடைவெளி குறைந்துவிடும். புரொஜெக்டரில் மாட்டினால் அதன் கொக்கி துளையில் சரியாக உட்காராமல் கிழித்துவிடும். இந்த வகைப் படத்துக்கு நெகட்டிவும் கிடையாது. கேமராவுக்குள் ஓடிய அதே சுருளைத்தான் கழுவித் திருப்பித் தருவார்கள், அது போனால் எல்லாம் போயிற்று. அதனால் பல் இல்லாத உருளைகளில் மெதுவாக நகர்த்தும் ஸ்கேனரில் வைத்து, ஒவ்வொரு பிரேமையும் தனிப்படமாக எடுத்தேன். 50 அடிச் சுருளில் மொத்தம் 4000 பிரேம்.

நிறம் அதிகம் மங்கவில்லை, கோடாக்ரோம் வகைக் கலர்ச் சுருள் ஆயிற்றே. இருட்டில் கிடந்தால் அதன் நிறம் நன்றாகத் தாங்கும். தூசியைத் துடைத்தேன், ஆழமான கீறல்களில் சிலவற்றை எடுத்தேன், மீதியை விட்டுவிட்டேன். மணல் மாதிரித் தெரியும் புள்ளிகளையும் முழுக்க அழித்தால் முகமெல்லாம் மெழுகு பூசினாற்போல் ஆகிவிடும். பேரன் அப்படித்தான் பளபளவென்று கேட்டான், கூடவே பின்னணி இசையும். இரண்டுக்கும் மறுத்துவிட்டேன்.

என்னை உண்மையில் உட்கார வைத்தது வேகம்தான். அந்தக் காலத்து 8 மி.மீ. கேமராக்கள் பெரும்பாலும் விநாடிக்கு 16 பிரேம் எடுக்கும். அதை இன்றைய 24 பிரேமில் அப்படியே ஓட்டினால் ஒன்றரை மடங்கு வேகத்தில் எல்லோரும் குதித்துக் குதித்து நடப்பார்கள். பழைய குடும்பப் படங்களைப் பார்த்து நாம் சிரிக்கிறோமே, பாதிச் சிரிப்பு இதனால் வருவதுதான். சரி, 16 என்று வைத்துக்கொண்டால் போதுமா என்றால், போதாது. அது சாவி கொடுத்து ஓட்டும் கேமரா. சாவி தீரத் தீர உள்ளே வேகம் குறையும். வேகம் குறைந்தால் ஒரு விநாடிக்குள் பதிவாகும் பிரேம்களும் குறையும், அந்த இடம் திரையில் திடீரென்று விறுவிறுப்பாகிவிடும். கூடவே படம் லேசாக வெளுக்கும், ஒவ்வொரு பிரேமுக்கும் வெளிச்சம் கூடுதல் நேரம் கிடைப்பதால். இப்படி வெளுத்த ஓர் இடம் இதிலும் இருந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் காட்சி.

நல்லவேளை, அவர்களுக்குப் பின்னால் சுவரில் ஒரு பெண்டுலம் கடிகாரம். அதைப் பற்றிப் போனில் கேட்டேன். "அது இன்னும் எங்க வீட்டுலதான் ஓடுது" என்றார் பெரியவர். ஒரு நிமிடத்துக்கு எத்தனை டிக் என்று எண்ணிச் சொல்லச் சொன்னேன். 120. அதாவது பெண்டுலம் ஒரு தடவை போய்த் திரும்ப ஒரு விநாடி. அப்புறம் எனக்கு வேலை எளிது. காட்சியின் தொடக்கத்தில் பெண்டுலம் இடக்கோடியிலிருந்து கிளம்பி மறுபடி இடக்கோடிக்கு வர 16 பிரேம் ஆகிறது. கடைசியில் 14 பிரேம்தான். முன்பகுதியில் ஒரு பிரேமை ஒரு முறையும் அடுத்ததை இரண்டு முறையும் காட்டினால் 16 பிரேம் 24 ஆகிவிடும். பின்பகுதியில் 14-ல் 10 பிரேமை இரண்டு முறை காட்டினேன். லேசான தத்தல் இருக்கத்தான் செய்தது. இல்லாத அசைவை இடையில் வரைந்து சேர்ப்பதைவிட அது தேவலை.

பார்க்க இருவரும் நேரில் வந்தார்கள். படம் நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். முதல் பாதியில் யார் யார் வந்தார்கள் என்ற கணக்கு, யார் யார் இப்போது இல்லை என்ற கணக்கு. சரியாக நடுவில் திரை முழுக்க ஆரஞ்சு வெளிச்சம் கொட்டியது. "வெயிலா?" என்று அம்மாள் கேட்டார். இல்லை, பாதிப் படம் எடுத்ததும் கேமராவைத் திறந்து சுருளைத் திருப்பிப் போட வேண்டும், அப்போது உள்ளே புகுந்த வெளிச்சம் என்றேன்.

கூடத்துக் காட்சி வந்ததும் பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார். "பார், பார், என் வாயைப் பார்!"

விஷயம் இதுதான். கல்யாணத்தன்று நாள் முழுக்க இவர் தன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அம்மாளின் நெடுங்காலப் புகார். பேசினேன் என்று இவர் சொல்லி வந்திருக்கிறார், யாரும் நம்பவில்லை. திரையில் அவர் உதடுகள் அசைகின்றன, நிதானமாக, ஒரு முழு வாக்கியத்துக்கு. பெண்ணோ அந்தப் பக்கம் திரும்பி யாரிடமோ தலையாட்டிக்கொண்டிருக்கிறாள்.

மறுபடி போடச் சொன்னார்கள். போட்டேன். அம்மாள் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என்னங்க சொன்னீங்க?"

"ஞாபகம் இல்லையே."

"இத்தனை வருஷம் சொன்னேன் சொன்னேன்னு சண்டை போட்டீங்க!"

"சொன்னேன்னுதானே சொன்னேன். என்ன சொன்னேன்னு எப்போ சொன்னேன்?"

மூன்றாம் தடவை பார்த்துவிட்டு அம்மாளே படித்துச் சொன்னார்: "கால் வலிக்குதான்னு கேட்டிருக்கீங்க." பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை, "எப்போ முடியும்" என்று கேட்டிருப்பேன் என்றார். ஒலி இல்லாத படம், நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. என் காதுக்குள் கேட்டதென்னவோ அம்மாள் சொன்னதுதான். சரிசெய்யாமல் ஓட்டியிருந்தால் அந்த உதடுகள் ஏதோ மெல்வது போல் படபடத்திருக்கும், இந்த வழக்கே எழுந்திருக்காது. அவர்கள் கிளம்பும்போதும் வாசலில் வாதம் நடந்துகொண்டிருந்தது.

உன் அப்பா எடுத்த ரீல்கள் பரணில் கிடப்பதாக எழுதியிருக்கிறாய். யாரோ புரொஜெக்டர் தருகிறார்கள் என்று ஓட்டிப் பார்த்துவிடாதே. முதலில் டப்பாவைத் திறந்து மோந்து பார். வாடை வருவதை மற்றவற்றிலிருந்து பிரித்து வை, அந்த ஆவி பட்டால் பக்கத்தில் இருப்பதும் சீக்கிரம் கெடும். எல்லாவற்றையும் பரணிலிருந்து இறக்கிச் சூடும் ஈரமும் இல்லாத இடத்தில் வை. டப்பாவின் மேல் அவர் எழுதி வைத்திருப்பதை அழித்துவிடாதே. அடுத்த மாதம் வரும்போது கையோடு எடுத்து வா, பார்த்துக்கொள்ளலாம்.

உன் பழைய அறைத்தோழன்