சாமி தட்டு மாட்டுறதுக்கு முன்னாடி சுவரு என்ன சுவருன்னு கேளுங்க அண்ணாச்சி

ஹார்டுவேர் கடை அண்ணாச்சிமாருக்கும், தட்டு மாட்டிக் கொடுக்க வர்ற தம்பிமாருக்கும் வணக்கம்.

குளச்சல் பக்கத்துல அம்மா வீடு. அப்பா வேளாங்கண்ணியில இருந்து வாங்கிட்டு வந்த மாதா சுரூபத்த வைக்க, ரெண்டு அடி நீளம் எட்டு இஞ்ச் அகலத்துல, பிராக்கெட் வெளிய தெரியாத தட்டு ஒண்ணு உங்கள்ல ஒருத்தர் கடையில வாங்கினோம். மாட்டுறதுக்கு ஆளும் அவங்களே அனுப்பினாங்க. பன்னிரண்டாம் நாள் ராத்திரி செபத்துக்கு மெழுகுதிரி ஏத்தும்போது அம்மா தட்டோட முன் விளிம்புல லேசா கைய ஊனினா, அவ்வளவுதான், எல்லாம் தரையில. மாதாவோட வலது கை உடைஞ்சு போச்சு. அம்மா அத துணியில சுத்தி வச்சிருக்கா, இன்னும் யாரையும் தொட விடல.

நான் கீழ கிடந்த பிளக்க எடுத்து பாத்தேன். மூணு சென்டிமீட்டர் பிளக், அதுல ரெண்டு சென்டிமீட்டர் முழுக்க சிமெண்டு பூச்சோட சாம்பல் தூள், நுனியில மட்டும் செங்கல் சிவப்பு. அதாவது அந்த தட்ட தாங்கினது செங்கல் இல்ல, பூச்சு. பூச்சு வெயிட்ட பிடிக்காது, பெயர்ந்து வந்துரும்.

சுரூபம், பைபிள், தட்டு எல்லாம் சேத்து எட்டு கிலோ, ஒரு பிராக்கெட்டுக்கு நாலு கிலோ. இது சின்ன வெயிட்டுதானேன்னு தோணும். ஆனா பலகைக்குள்ள போற பிராக்கெட் கம்பி சுவருல இருந்து வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. வெயிட்டு சுவருல இருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளி உக்காருது, பிராக்கெட் தகட்டுல மேல் ஸ்க்ரூவுக்கும் கீழ் விளிம்புக்கும் அஞ்சு சென்டிமீட்டர்தான். அப்போ மேல் ஸ்க்ரூவ வெளிய இழுக்குறது எட்டு கிலோ. அம்மா கை ஊனின அழுத்தம் ஒரு பிராக்கெட்டுக்கு ரெண்டரை கிலோன்னு வச்சாலும், அது இருபது சென்டிமீட்டர் தள்ளி முன் விளிம்புல இறங்குறதால இன்னும் பத்து கிலோ கூடும். பெட்டியில போட்டிருக்குற கிலோ கணக்கு எந்த சுவருக்குன்னு ஒரு வரி தமிழ்ல கிடையாது, விக்குறவங்களும் கேக்குறதில்ல. இத நினைச்சாதான் எனக்கு கோவம் வருது.

அதனால என் கோரிக்கை ஒண்ணே ஒண்ணு: விக்கும்போது "உங்க சுவரு என்ன சுவரு"ன்னு கேளுங்க. செங்கலா, ஹாலோ பிளாக்கான்னு வீட்டுக்காரருக்கு தெரியலன்னா மாட்ட வர்ற தம்பி டிரில் போடும்போதே கண்டுபிடிச்சுரலாம். மொதல்ல பூச்சோட சாம்பல் தூள் வரும், பிறகு சிவப்பு தூள் வந்தா செங்கல், எங்க நிறம் மாறுதோ அதுதான் பூச்சோட கனம். பிளக்குல விரிஞ்சு பிடிக்குற பாகம் முழுசும் அந்த சிவப்புக்குள்ள போயிருக்கணும். நிறம் மாறாம சாம்பல் தூளாவே வந்துட்டு திடீர்னு பிட் உள்ள விழுந்தா ஹாலோ பிளாக், அதுக்கு சாதா பிளக் ஆகாது, பின்னாடி விரிஞ்சு பிடிக்குற பிளக் வேணும், டிரில்லோட ஹாமர அணைச்சுதான் ஓட்டணும்.

எங்க மாமா கொத்தனார். அவர் வந்து எட்டு எம்.எம். பிட்டுல டேப் ஒட்டி ஏழரை சென்டிமீட்டர் ஆழம் குறிச்சு, சுவிட்ச் போர்டுக்கு நேர் மேல உள்ள இடத்த விட்டு (வயரு அங்கதான் ஏறும்), துளைச்சு, உள்ள உள்ள தூள ஊதி எடுத்துட்டு ஆறு சென்டிமீட்டர் பிளக் போட்டார். கடல் காத்து அடிக்குற இடம்னு ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான்.

மட்டம் பாக்குறதும் அப்படித்தான். அன்னைக்கு வந்த தம்பி ஜன்னல் சட்டத்துக்கு நேரா கண்ணால பாத்து குறிச்சாரு, மொத நாளே மெழுகு இடது பக்கமா ஒழுகி உறைஞ்சுது, நாங்கதான் கவனிக்கல. மாமா ரசமட்டத்த கோட்டுல வச்சு பாத்துட்டு, அப்படியே திருப்பி வச்சும் பாத்தார், ரெண்டு தடவையும் குமிழ் ஒரே இடத்துல நின்னாதான் அந்த ரசமட்டமே சரி. பிறகு ரெண்டு கம்பி மேலயும் முன்னும் பின்னுமா வச்சு பாத்தார். பலகை துளை கொஞ்சம் லூசா இருந்தா முன் பக்கம் தொங்கும், அதுக்கு தகட்டோட கீழ் விளிம்புக்கு பின்னாடி மெல்லிசா ஒரு தகரத் துண்டு கொடுத்தா கம்பி நுனி இத்துனூண்டு நிமிரும். இதுக்கு கூடுதலா கால் மணி நேரம்தான் ஆச்சு.

உங்கள்ல நிறைய பேரு நல்ல வேலைக்காரங்க, எனக்கு தெரியும். ஆனா சாமி தட்டுன்னு வாங்க வர்றவங்ககிட்ட தயவுசெஞ்சு அந்த ஒரு கேள்விய கேளுங்க, சுவரு என்ன சுவரு. பதில் தெரியலன்னு சொன்னாங்கன்னா, நீளமான பிளக்கையும் சேத்து கொடுத்து விடுங்க, காசு நாங்க தருவோம்.

இப்படிக்கு,
குளச்சல் பக்கத்துல இருந்து ஒரு மகள்