ராசியில்லாதவள் என்று யாரும் சொல்லவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளின் போட்டிகளைப் பார்க்க வருகிற பெற்றோர் ‘வெல் பிளேய்டு’, ‘அன்லக்கி’, ‘கமான்’ என்று ஆங்கிலத்திலேயே குரல் கொடுக்கிறார்கள், இவற்றுக்குத் தமிழ் கிடையாதா என்று வாசகர் ஒருவர் தங்கள் இதழில் வருத்தத்தோடு கேட்டிருந்தார். உடற்கல்வி ஆசிரியராக 30 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி, இன்றும் விடுமுறை நாட்களில் சிறுவர் இறகுப்பந்துப் போட்டிகளுக்கு நடுவராக உட்காருகிறவன் என்ற முறையில் அவருக்குப் பதில் சொல்ல விரும்புகிறேன். தமிழ் தாராளமாக இருக்கிறது. ஆனால் கோயம்புத்தூர் போன்ற ஊரில் ஓர் அரங்கின் ஒரே பெஞ்சில் தமிழரும் மலையாளிகளும் தெலுங்கு, கன்னடம், இந்தி பேசுகிறவர்களும், அவர்களுக்கு நடுவே இந்த ஆட்டத்தையே முதன்முறையாகப் பார்க்கும் தாத்தா பாட்டிகளும் கலந்து உட்காருகிறபோது, ஒரு சொல் எந்த மொழியைச் சேர்ந்தது என்பதைவிட, அதை யார், எந்த நொடியில் சொல்கிறார் என்பதுதான் பிள்ளைகளைத் தொடுகிறது.

சில மாதங்களுக்கு முன்பு நடந்ததைச் சொல்கிறேன். 13 வயதுக்கு உட்பட்ட சிறுமியர் ஆட்டம். பாலக்காட்டிலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணும் உள்ளூர்ப் பெண் ஒருத்தியும் மூன்றாவது கேமில் 18க்கு 18 என்று நின்றார்கள். பாலக்காட்டுப் பெண் அடித்த காக், அதாவது இறகுப்பந்து, வலையின் மேல்நாடாவில் பட்டு, ஒரு கணம் அங்கேயே தயங்கி, உள்ளூர்ப் பெண்ணின் பக்கம் செங்குத்தாக விழுந்தது. அவள் பாய்ந்து மட்டையை நீட்டியும் எட்டவில்லை. புள்ளி பெற்றவள் வழக்கப்படி கையை உயர்த்தி வருத்தம் காட்டினாள். அவளுடைய தந்தையும் பெருந்தன்மையாக, புள்ளியை இழந்த பெண்ணைப் பார்த்து ‘அன்லக்கி மோளே’ என்றார். பக்கத்தில் இருந்த உள்ளூர்ப் பெண்ணின் பாட்டி, அதற்கு என்ன அர்த்தம் என்று முன்வரிசைப் பையன் ஒருவனிடம் கேட்க, அவன் ‘அதிர்ஷ்டம் இல்லாதவன்னு அர்த்தம் பாட்டி’ என்று பள்ளிக்கூட அகராதியைப் போல ஒப்பித்துவிட்டான். அந்த அம்மாள் எழுந்து நின்றுவிட்டார். ஆட்டம் முடிந்து நான் இறங்கி வந்தபோது என்னிடம் கண் கலங்கிக் கேட்டது இதுதான்: ‘ஏனுங்க சார், வெளையாடற புள்ளையப் பாத்து ராசியில்லாதவன்னு சொல்றாரே, இது நல்லாருக்குங்களா?’

அந்தத் தந்தை சொன்னதும் அந்தப் பாட்டி கேட்டதும் ஒரே சொல்தான். ஆங்கிலத்தில் அது அந்த ஒரு அடியைப் பற்றிய பேச்சு. ‘உன் முயற்சியில் குறை இல்லை, காக் அப்படி விழுந்துவிட்டது’ என்பதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. தமிழில் அதிர்ஷ்டமும் ராசியும் ஆளைச் சேர்ந்தவை. ஒரு பெண் குழந்தையைப் பார்த்து அந்த இரண்டும் இல்லை என்பது வசவு. ஆகவே ‘அன்லக்கி’யைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கக் கூடாது. தமிழில் அந்த இடத்தில் ‘அடடா’ என்கிறோம். கோட்டுக்கு ஒரு விரல் அகலம் வெளியே விழுந்திருந்தால் ‘கொஞ்சத்துல போச்சு’ என்கிறோம். ‘அடடா’வை எதிர்த் தரப்பும் கூசாமல் சொல்லலாம், யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியதும் இல்லை. ஆனால் வலைநாடாவில் பட்டு விழுந்ததற்கும் நூலிழையில் வெளியே போனதற்கும் மட்டுமே இவை பொருந்தும். சர்வீஸை நேராக வலையிலேயே அடித்த பிள்ளையிடம் ‘அன்லக்கி’ என்று சொன்னால், அது பொய் என்று பத்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதன் பிறகு நாம் உண்மையாகச் சொல்கிற நல்ல வார்த்தையையும் அது நம்பாது.

அப்படித் தானே செய்த தவறுக்கு நம்மிடம் உள்ள சொல் ‘பரவாயில்லை’. இதில் ஒரு வசதி உண்டு: தெலுங்கர் ‘பர்வாலேது’ என்றும் கன்னடர் ‘பரவாகில்ல’ என்றும் சொல்வது இதைத்தான். இந்திக்காரருக்கும் ‘பர்வா’ தெரிந்த சொல்லே. மலையாளிகள் ‘சாரமில்லா’ என்பார்கள். அதைத் தமிழர் ஒருமுறை கேட்டாலே புரிந்துகொள்வர். ‘சபாஷ்’ என்பதும் இதே போல எல்லார் வாயிலும் புழங்குவது. ஆகவே கலந்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் எந்தப் பிள்ளைக்கும் விளங்குகிற சொற்கள் ஆங்கிலத்துக்கு வெளியிலும் இருக்கின்றன. ஆனால் ‘பரவாயில்லை’யைத் தன் தரப்புப் பிள்ளைக்கு மட்டும் சொல்வது நல்லது. எதிர்த் தரப்பார் சொன்னால் அது மன்னிப்பு வழங்குகிற தொனியில் விழுகிறது. நல்ல அடிக்குப் பிறகு சொன்னாலோ ‘சுமார்தான்’ என்று பொருளாகிவிடும்.

‘பரவாயில்லை’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் பலர் ‘விடு, விடு’ என்கிறார்கள். வேறு பல ஆட்டங்களில் அதனால் கெடுதல் இல்லை, இறகுப்பந்தில் பெரிய கெடுதல் உண்டு. எல்லைக்கு வெளியே போகப்போகிற இறகுப்பந்தைத் தொடாமல் விட்டுவிடச் சொல்வதற்கும் இங்கே ‘விடு’ என்பதுதான் சொல். ஓர் ஆட்டத்தில், முந்தைய புள்ளியை இழந்த மகனுக்கு ஆறுதலாகத் தந்தை ‘விடுறா, விடு’ என்று சொல்லத் தொடங்கினார். அவர் முடிப்பதற்குள் எதிராளி உயரமான சர்வீஸை அடித்துவிட்டான். பையன் பின்னால் ஓடி மட்டையை ஓங்கியவன், அந்தக் குரலைக் கேட்டுக் கையை இறக்கினான். காக் பின்கோட்டுக்கு உள்ளே விழுந்தது. எதிராளியின் கவனத்தைப் பயிற்சியாளர் ஒருவர் கலைத்ததாக நடுவர் கருதினால் ‘லெட்’ கொடுத்து மறுபடி ஆடச் சொல்ல விதியில் இடம் உண்டு. தன் பக்கத்துக் குரலைக் கேட்டுத் தானே ஏமாந்தவனுக்கு அந்த வழி கிடையாது. புள்ளியை எதிராளிக்குத்தான் கொடுத்தேன். அந்தத் தந்தை என்னிடம் வாதாடவில்லை. ஆனால் அந்தக் கேம் முடியும்வரை அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

‘கமான்’ என்பதிலும் நேரம்தான் முக்கியம். 2011 அமெரிக்க ஓபன் டென்னிஸ் மகளிர் இறுதி ஆட்டத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். செரீனா வில்லியம்ஸ் பந்தை ஓங்கி அடித்துவிட்டு, அது எதிராளி சமந்தா ஸ்டோசரின் எல்லையைத் தாண்டுவதற்கு முன்பே ‘கமான்’ என்று முழங்கினார்; ஸ்டோசரின் மட்டையும் பந்தில் பட்டது. அது இடையூறு என்று நடுவர் புள்ளியை ஸ்டோசருக்கு வழங்கினார். உலகின் தலைசிறந்த வீராங்கனைக்கே, ஆட்டம் உயிரோடு இருக்கும்போது எழுப்பிய ஒரு சொல் ஒரு புள்ளியைப் பறித்தது. இறகுப்பந்து விதியிலும் வேண்டுமென்றே சத்தமிட்டோ சைகை காட்டியோ எதிராளியின் கவனத்தைக் கலைப்பது தவறுதான். பார்வையாளருக்கு அந்த விதி நேராகப் பொருந்தாது என்றாலும், காக் பறந்துகொண்டிருக்கும்போது எழுகிற குரல் இரண்டு பிள்ளைகளின் காதிலும் விழத்தான் செய்கிறது.

தொனியையும் கவனிக்க வேண்டும். பிள்ளையின் பெயரைச் சேர்த்து, குட்டையாக ‘கமான் நந்து’ என்றால் அது ஊக்கம். ‘ஓ... கமான்’ என்று இழுத்தால் கோட்டில் உட்கார்ந்திருக்கும் துணை நடுவரின் தீர்ப்பை ஏற்காத கூச்சல் ஆகிவிடுகிறது. எதிராளி தவறு செய்த மறுகணம் சொன்னால் அந்தத் தவறைக் கொண்டாடுவதாகிறது. ‘வாடா பாத்துக்கலாம்’ என்பதிலும் இந்தச் சிக்கல் உண்டு: தன் பிள்ளையை அழைக்கிறாரா, எதிராளியைச் சண்டைக்கு அழைக்கிறாரா என்று மொழி தெரியாத பக்கத்து இருக்கைக்காரருக்கு விளங்காது. பெயரையும் சேர்த்து ‘விடாதே’ என்பது தெளிவாக இருக்கும் என்று நானே ஒரு காலத்தில் பரிந்துரைத்தேன். ஆனால் அதன் முதல் பாதி மட்டும் காதில் விழுகிற ஆபத்து இருப்பதால், இப்போது ‘அப்படித்தான்’ என்று சொல்லச் சொல்கிறேன்.

‘வெல் பிளேய்டு’ என்பதற்குத் தமிழில் இரண்டு வடிவங்கள் இருப்பதை நாம் போதிய அளவு பயன்படுத்துவதில்லை. ஆட்டத்தின் நடுவே ‘நல்லா ஆடுறே’ என்று நிகழ்காலத்தில் சொன்னால், மேலே ஆடு என்ற பொருளும் அதிலேயே வந்துவிடுகிறது. 12க்கு 19 என்று பின்தங்கி நிற்கும் பிள்ளையிடம் ‘நல்லா ஆடினே’ என்று இறந்தகாலத்தில் சொல்லிப் பாருங்கள். வாழ்த்துகிறவருக்கு அப்படி ஓர் எண்ணமே இல்லாவிட்டாலும், ‘முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்’ என்றுதான் அந்தப் பிள்ளைக்குக் கேட்கும். ஆங்கிலச் சொல்லில் இந்த வேறுபாட்டைக் காட்ட முடியாது. அதனால் இந்த ஒன்றில் தமிழ்தான் எனக்குப் பிடித்தது. இறந்தகால வடிவத்தைக் கடைசிப் புள்ளிக்குப் பிறகு, பன்மையில், ‘ரெண்டு பேரும் நல்லா ஆடினீங்க’ என்று இரு தரப்புப் பெரியவர்களும் சொல்ல வேண்டும். 1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தும் இந்தியா 12 ஓட்டங்களில் தோற்றபோது, மைதானத்தைச் சுற்றி வந்த பாகிஸ்தான் அணிக்குச் சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்களே, அந்தக் கைதட்டல் சொன்னதும் ‘நல்லா ஆடினீங்க’ என்பதைத்தான்.

ஒரு புள்ளிக்கும் அடுத்த சர்வீஸுக்கும் இடையே கிடைப்பது சில நொடிகள்தான். அங்கே ‘அடடா’, ‘சபாஷ்’, ‘பரவாயில்லை’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு மேல் இடமில்லை. முதலில் 11 புள்ளியைத் தொட்டவுடன் கிடைக்கும் 60 நொடி இடைவேளையும், கேமுக்கும் கேமுக்கும் நடுவே கிடைக்கும் 120 நொடியும் பயிற்சியாளருக்கு உரியவை என்றாலும், பெற்றோர் இரண்டு வாக்கியம் பேச நினைத்தால் அதற்கும் அதுவே வேளை.

அந்தப் பாட்டியிடம் நான் இவ்வளவும் சொல்லவில்லை. பாலக்காட்டுக்காரரை அழைத்து, அவர் சொன்னதை அவர் வாயாலேயே மலையாளத்தில் விளக்கச் செய்தேன். அவர் ‘மோளு நன்னாயி களிச்சு’ என்று சொன்னவுடன் பாட்டிக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. தோற்றுப் போன பேத்தியை இழுத்து அவர் முன்னால் நிறுத்தி, ‘மாமாவுக்கு வணக்கம் சொல்லு அம்முணி’ என்றார். அதற்குப் பிறகு நான் நடுவராக உட்காரும் ஒவ்வொரு சிறுவர் ஆட்டத்திலும், டாஸ் போடுவதற்கு முன் இரு தரப்புப் பெரியவர்களையும் ஒருசேர அழைத்து, ‘விடு’ வேண்டாம், ‘அடடா’ போதும், காக் தரையில் விழுந்த பிறகு குரல் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் ஏறுகிறேன். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. மற்ற மாவட்டங்களில் நடுவர் பணி செய்கிறவர்களும் இதைச் செய்து பார்த்து, தங்கள் அரங்குகளில் எந்தெந்தச் சொற்கள் எல்லாருக்கும் விளங்குகின்றன என்பதைத் தங்கள் இதழுக்கு எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
கோயம்புத்தூர்.