தவறான பணிநீக்கத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம் விலை அல்ல

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் சட்டக் கேள்வி பதில் பகுதியில் மூதூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருந்தார். தனியார் நிறுவனமொன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவரைக் காசு குறைந்தது என்று குற்றம் சாட்டி நிறுத்திவிட்டார்கள். தான் எடுக்கவில்லை என்று நிரூபித்தால் வேலை திரும்பக் கிடைக்குமா என்பது அவர் கேள்வி. தாங்கள் வெளியிட்ட பதிலில் ஒரு வாக்கியம் இருந்தது: "வழக்கில் வென்றாலும் வேலை திரும்பக் கிடைப்பதில்லை, சேவைக்கால ஆண்டுக்கு இரண்டரை மாதச் சம்பளம் வீதம் நட்டஈடு பெற்றுக்கொள்ளலாம்."

இந்த வாக்கியத்தின் இரண்டு பாதியும் பிழை. இருபது வருடமாகத் தங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கும் வாசகன் என்ற உரிமையிலும், இதே வழக்கை நடத்திய தொழிலாளி என்ற உரிமையிலும் இதை எழுதுகிறேன்.

அந்த இரண்டரை மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பது தங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க, தொழிலை முடிவுறுத்தல் சட்டத்தின் கீழ் 2005இல் வர்த்தமானியில் வந்த கணக்கு. ஆட்குறைப்பு, நிறுவனத்தை மூடுதல் போன்ற காரணங்களுக்காக, தொழிலாளி மீது குற்றம் எதுவும் சொல்லாமல் நிறுத்தும்போது தொழில் ஆணையாளர் நாயகம் பார்க்கிற கணக்கு அது. பதினைந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கு அந்தச் சட்டமே பொருந்தாது. ஆண்டுக்கு இரண்டரை மாதம் என்பதும் முதல் ஐந்து ஆண்டுகளுக்குத்தான். ஆறாம் ஆண்டிலிருந்து இரண்டு மாதமாகி, பிறகு படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும். ஒழுக்காற்றுக் குற்றம் சாட்டி நிறுத்தப்பட்டவருக்கு அந்தக் கதவே கிடையாது. மூதூர்ச் சகோதரி போக வேண்டிய இடம் தொழில் நியாய சபை. அவருடைய சட்டம் 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குச் சட்டம். அங்கே நட்டஈட்டுக்கு இப்படி ஒரு வாய்ப்பாடு எழுதப்படவில்லை. "நீதியும் ஒப்புரவும்" என்று எது தோன்றுகிறதோ அந்தக் கட்டளையைச் செய் என்றுதான் சட்டம் நியாய சபைக்குச் சொல்கிறது.

அதே சட்டத்தின் 33ஆம் பிரிவைத் தங்கள் பத்தி எழுத்தாளர் ஒருமுறை திறந்து பார்த்திருக்கலாம். மீளப் பணியில் அமர்த்தலாம், வேலை இல்லாதிருந்த காலத்துக்குச் சம்பளம் எவ்வளவு என்று தீர்மானிக்கலாம், மீள் அமர்த்தலுக்குப் பதிலாக நட்டஈடு கொடுக்கலாம் என்று மூன்றையும் அது சொல்கிறது. நட்டஈட்டைத் தொழிலாளியே கேட்டால் கொடுக்கலாம். தனிப்பட்ட செயலாளர், சாரதி, வீட்டுப் பணியாளர் போன்று ஒருவர் கூடவே இருந்து செய்யும் வேலைகளுக்கு அது மாற்றாக வரும். வேறு சந்தர்ப்பங்களிலும் நியாய சபை அதைத் தெரிவுசெய்யலாம். வழக்கு நடக்கும்போதே ஓய்வு வயது கடந்துவிட்டவரை எந்தக் கதிரையில் மீள அமர்த்துவது? வேலை செய்த பிரிவே மூடப்பட்டிருக்கலாம். தொழிலாளி பக்கமும் ஓரளவு பிழை இருந்திருக்கலாம். இவையெல்லாம் ஏற்றுக்கொள்ளக்கூடிய காரணங்கள். ஆனால் காரணம் காட்டித்தான் வேலையை மறுக்க முடியும். "கிடைப்பதில்லை" என்று எழுதும்போது அந்தக் காரணத்தைக் கேட்கும் உரிமையே வாசகரிடமிருந்து பறிபோகிறது.

நான் ஒரு தனியார் நிறுவனத்தில் பன்னிரண்டு வருடம் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தேன். கையிருப்பில் குறைவு என்று குற்றப்பத்திரிகை தந்தார்கள். உள்ளக விசாரணை நடத்தியவர், குற்றம் சாட்டிய முகாமையாளருக்குக் கீழே வேலை செய்பவர். நிறுத்தினார்கள். நியாய சபைக்குப் போனேன். நிறுத்தியதை முதலாளி ஒப்புக்கொண்டால் அது நியாயமானது என்று காட்டும் பாரம் அவர் மீதுதான் விழும். அவர்களால் காட்ட முடியவில்லை. பொருள் வெளியே போனதற்கான சிட்டைகளில் கையெழுத்து என்னுடையது அல்ல என்பது குறுக்கு விசாரணையில் தெளிவாக வெளிவந்தது. பணிநீக்கம் நியாயமற்றது என்று தீர்ப்பு வந்தது.

அடுத்த பந்தியிலேயே, நிறுவனம் என்மீது நம்பிக்கை இழந்துவிட்டது, அந்த இடத்தில் வேறொருவர் வேலை செய்கிறார், ஆகவே மீள் அமர்த்தலுக்குப் பதிலாக இரண்டு வருடச் சம்பளம் நட்டஈடு என்று கட்டளை. ஆசிரியர் அவர்களே, தயவுசெய்து யோசியுங்கள். நம்பிக்கை போனதற்கு அவர்கள் சொன்ன ஒரே காரணம் அந்தக் கையிருப்புக் குறைவு. அது நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லிவிட்டு, அதனால் போன நம்பிக்கையை மட்டும் எப்படி மிச்சம் வைப்பது? களஞ்சியம் நம்பிக்கையான பொறுப்பு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம்பிக்கை இழப்பு என்று முதலாளி வாயால் சொன்னால் போதாது, அதற்கு உண்மையான ஆதாரம் இருக்க வேண்டும். வேறொருவரை அந்த இடத்தில் போட்டதும் அவர்கள் செய்த காரியம். வழக்கு நடக்கிறது என்று தெரிந்துகொண்டே நிரந்தரமாக ஆள் எடுத்துவிட்டு, பிறகு இடமில்லை என்று சொல்வதை ஒரு காரணமாக ஏற்றுக்கொண்டால், எந்த முதலாளியும் ஒரு நியமனக் கடிதத்தோடு சட்டத்தைக் கடந்துவிடலாம்.

இனிக் கணக்குக்கு வருகிறேன். என் சம்பளம் மாதம் 40,000 ரூபாய். இரண்டு வருடத்துக்கு 9,60,000. வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பெரிய தொகை. வழக்கு நடந்தது 48 மாதம். முதல் எட்டு மாதம் ஒரு சதமும் வருமானமில்லை. அந்த இழப்பு 3,20,000. பிறகு கிண்ணியாவில் ஒரு கட்டடப் பொருள் கடையில் 22,000 ரூபாய்க்குப் போனேன். மாதம் 18,000 வீதம் நாற்பது மாதத்தில் 7,20,000. இரண்டையும் கூட்டினால் 10,40,000. தீர்ப்பு நாள்வரை கையை விட்டுப் போனது மட்டுமே கிடைத்த தொகையை விட எண்பதாயிரம் அதிகம். வேலை போனதற்கான விலை அதில் இன்னும் சேரவில்லை. இந்த வயதில் அதே சம்பளத்துக்கு எங்கே வேலை? அந்த எதிர்கால இழப்புக்கு ஒரு ரூபாயும் இல்லை.

நட்டஈடு தண்டனையும் அல்ல, பரிசும் அல்ல, உண்மையான பண இழப்பைப் பார்க்க வேண்டும் என்பதும், ஓய்வு வயது வரையான சம்பளத்தை இயந்திரம் மாதிரிப் பெருக்கிக் கொடுக்க முடியாது என்பதும் எனக்கும் தெரியும். அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்துக்கு எதிரான ஜயசூரிய வழக்கில் 1995இல் உயர் நீதிமன்றம் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறது. அதே தீர்ப்பு, இழப்பைக் காட்டும் பொறுப்பு தொழிலாளிக்கு என்றும் சொல்கிறது. அதனால்தான் கடைசிச் சம்பளச் சிட்டை, புதிய வேலையின் சம்பளக் கடிதம், வேலை கேட்டு அனுப்பிய விண்ணப்பங்களுக்கு வந்த மறுப்புகள் என்று எல்லாவற்றையும் கோவையில் கொடுத்தேன். ஏன் இரண்டு வருடம், ஏன் மூன்று இல்லை என்பதற்கு ஒரு வரி விளக்கம் கிடைக்கவில்லை. மாகாண மேல் நீதிமன்றத்துக்குச் சட்டப் பிரச்சினையின் மீது மேன்முறையீடு உண்டு, அதற்கு மேல் அனுமதி பெற்று உயர் நீதிமன்றமும் உண்டு. இன்னும் சில வருடம் ஆகும் என்றார் சட்டத்தரணி. பிள்ளைகள் படிக்கும் வீட்டில் அந்தச் சில வருடத்துக்கு யார் சோறு போடுவது?

நட்டஈடு என்று பெயர் வைப்பதில் இன்னொரு நட்டமும் இருக்கிறது. சேவை முறிவில்லாமல் மீள அமர்த்தி நிலுவைச் சம்பளம் கொடுத்தால் அது சம்பளம். அதற்கு நிறுவனம் சேமலாப நிதிக்குப் பன்னிரண்டு வீதமும் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மூன்று வீதமும் கட்ட வேண்டும். பணிக்கொடைக்கான வருடங்களும் தொடர்ந்து ஏறும். நட்டஈட்டுக்கு அவை எதுவும் இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு, வருடம் அரை மாதம் வீதம், எனக்கு வர வேண்டிய 2,40,000 ரூபாய் பணிக்கொடையை "நட்டஈட்டில் எல்லாம் அடங்கும்" என்று சொல்லி நிறுத்திவைத்தார்கள். அடங்காது. அது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனியான உரிமை. அதற்காகத் தொழில் அலுவலகத்தில் தனியாக முறைப்பாடு செய்து வாங்க வேண்டியிருந்தது.

தங்கள் மீது எனக்கிருக்கும் மனக்குறை இந்த ஒரு வாக்கியத்தோடு நிற்கவில்லை. என்னை நிறுத்திய அதே காலத்தில் அந்த நிறுவனம் பாடசாலைப் பைகள் வழங்கிய படம் தங்கள் பத்திரிகையில் கால் பக்கத்துக்கு வந்தது. தீர்ப்பு வந்தபோது நான் எழுதி அனுப்பிய கடிதம் வரவில்லை. உட்துறைமுக வீதியில் தொழிலாளர்கள் பதாகை பிடித்தால் தாங்கள் படம் போடுகிறீர்கள், அதற்கு நன்றி. அந்தப் பதாகையைப் பிடித்தவர்களுக்குப் பிறகு என்ன நடந்தது, நியாய சபை என்ன சொன்னது, சொன்னதை நிறுவனம் செய்ததா என்று ஒருநாளும் எழுதியதில்லை. நியாய சபையின் கட்டளையை மீறுவது குற்றம், நீதவான் நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய விடயம் என்பது இந்த ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? "இழுபறி வழக்குகளால் முதலீடு பாதிக்கப்படுகிறது" என்று மட்டும் தாங்கள் ஆசிரியர் தலையங்கம் எழுதியிருக்கிறீர்கள். இழுபறி யாருடைய வயிற்றில் நடக்கிறது என்பதையும் அன்று எழுதியிருக்கலாம்.

என் வழக்கு முடிந்துவிட்டது. மூதூர்ச் சகோதரியின் வழக்கு இன்னும் தொடங்கவில்லை. தங்கள் பதிலை நம்பினால் அவர் மனுவில் நட்டஈட்டை மட்டும் கேட்பார், அல்லது கேட்காமலே விட்டுவிடுவார். அவர் முதலில் கேட்க வேண்டியது நிலுவைச் சம்பளத்துடன் மீள் அமர்த்தல். அது இயலாவிட்டால் மாற்றாக நட்டஈடு என்று இரண்டாவதாகச் சேர்க்கலாம். கணக்கு எழுதுபவர் என்பதால் நம்பிக்கை இழப்பு என்ற வாதம் அவருக்கும் வரும். அதற்கு என்ன ஆதாரம் என்று முதல் நாளிலேயே கேட்கும்படி அவர் சட்டத்தரணிக்குச் சொல்ல வேண்டும்.

ஆகையால் தங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த ஞாயிறு, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் அந்தப் பதிலைத் திருத்தி வெளியிடுங்கள். நியாய சபைக்கு மனு போடுவதற்குக் காலக்கெடு உண்டு, வேலையை விட்டு நிறுத்திய நாளிலிருந்து அது ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் பத்திரிகை வரும்வரை காத்திராமல் அந்தச் சகோதரிக்குத் தபாலிலும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். அவருடைய முகவரி தங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
முன்னாள் களஞ்சியப் பொறுப்பாளர்,
உப்புவெளி, திருகோணமலை.