கிளை வாய்க்கால் சீரமைப்பு: பணி நிறைவு அறிக்கை

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நமது கிளை வாய்க்காலில் எடுத்துக்கொண்ட வேலைகள் முடிந்து, இந்த மண்டலத்துக்கான முதல் மூன்று சுற்றுத் தண்ணீரும் ஓடிவிட்டது. சுற்று ஓடிப் பார்க்காமல் அறிக்கை எழுதக் கூடாது என்று குழு முடிவு செய்திருந்ததால்தான் இத்தனை தாமதம். சென்ற மாதம் வாய்க்காலைப் பார்க்க வந்த பாசனப் படிப்பு மாணவர்கள் இதன் நகல் கேட்டிருக்கிறார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்த விஷயங்கள் சிலவும் இதில் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் திருமூர்த்தி அணையை நம்பியுள்ள ஆயக்கட்டு சுமார் 3.77 லட்சம் ஏக்கர். அவ்வளவுக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கத் தண்ணீர் கிடையாது என்பதால் நான்கு மண்டலமாகப் பிரித்து மாறி மாறி விடுகிறார்கள். ஒரு நிலத்துக்கு முறை திரும்பி வர ஏறத்தாழ இரண்டு வருடம் ஆகும். இரண்டு வருடம் காத்திருந்து வாங்கும் தண்ணீர் கடைமடைக்கு வராமல் போனால் சண்டை வராமல் என்ன செய்யும்? அணையும் பிரதானக் கால்வாயும் அரசின் பொறுப்பு. எவ்வளவு கன அடி, எத்தனை நாள் என்பது மேலே முடிவாகும். 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நம்மைப் போன்ற சங்கங்களின் கையில் இருப்பது, நம் தலைமடைக்கு வந்து சேர்ந்த தண்ணீரை யாருக்கு, எப்போது, எவ்வளவு நேரம் என்று முறை வகுப்பதும் வாய்க்காலைப் பராமரிப்பதும்தான்.

இந்த மண்டலத்தில் நம் கிளையில் பாயும் நிலம் 240 ஏக்கர். வாய்க்கால் நீளம் 3.2 கிலோமீட்டர், மடைகள் ஆறு. தலைப்பில் வினாடிக்கு 4 கன அடி வருகிறது. ஒரு சுற்று ஏழு நாள், அதாவது 168 மணி நேரம். மாணவர்கள் ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது: வினாடிக்கு 1 கன அடி வீதம் தண்ணீர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஏக்கரில் ஏறத்தாழ ஒரு அங்குலம் நிற்கும். ஒரு சொட்டும் வீணாகாமல் இருந்தால் நமக்கு ஒரு சுற்றில் ஏக்கருக்கு 2.8 அங்குலம்.

பழைய முறையில் 168 மணியை 240 ஏக்கருக்கு வகுத்து, ஏக்கருக்கு 42 நிமிடம் என்று எல்லாருக்கும் ஒன்றாகக் கொடுத்தோம். பார்வைக்கு அதைவிட நியாயம் இருக்க முடியாது. முதல் கூட்டத்தில் கடைமடைப் பெரியவர் ஒருவர் எழுந்து, "மணிக் கணக்கு சரியாத்தானுங்க இருக்குது, தண்ணிக் கணக்கு சொல்லுங்க" என்றார். அன்று எங்களிடம் பதில் இல்லை.

அடுத்த சுற்றில் அளந்து பார்த்தோம். நேரான ஓர் இடத்தில் 20 மீட்டருக்கு இரண்டு கயிறு கட்டி, ஒரு எலுமிச்சம்பழத்தை மிதக்கவிட்டு, அது கடக்கும் நேரத்தைக் குறித்தோம். மேல்பரப்பு வேகம் சராசரியைவிட அதிகமாக இருக்கும் என்பதால் அதை 0.85-ஆல் பெருக்கி, பிறகு தண்ணீரின் குறுக்குப் பரப்பால் பெருக்கினோம். தலைப்பில் 4 கன அடி. கடைமடையில் 2.2. அப்படியானால் அதே 42 நிமிடத்தில் தலைமடைக்காரர் 2.8 அங்குலம் வாங்க, கடைமடைக்காரர் வாங்கியது ஒன்றரை அங்குலம். வாய்க்கால் நிறைவதற்குப் போகும் நேரமும் அவர் கணக்கிலேயே கழிந்தது தனி.

வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 3.2 கிலோமீட்டரும் தூர் வாரினோம். சரளை மண்ணாக இருந்த 600 மீட்டருக்கு மட்டும் கான்கிரீட் போட்டோம். முழுக்கப் போடாததற்குப் பணம் மட்டும் காரணமல்ல. வாய்க்காலில் கசியும் தண்ணீரில்தான் ஓரத்துக் கிணறுகள் ஊறுகின்றன, அது முழுக்க வீண் என்று சொல்ல முடியாது. போட்ட 600 மீட்டரிலேயே இரண்டு கிணற்றுக்காரர்கள் மட்டம் இறங்கிவிட்டதாகச் சொல்கிறார்கள். ஒரு கோடை போனால்தான் தெரியும். ஆறு மடையிலும் பலகையும் சாக்கும் போய் இரும்பு ஷட்டர் வந்தது. முதலில் வந்த ஷட்டர்களில் இரண்டு சட்டத்தில் உட்காராமல் ஒழுகின. செய்தவரிடமே திருப்பிக் கொடுத்து மாற்றி வாங்கியதில் மூன்று வாரம் போனது.

இவற்றையெல்லாம்விட நாங்கள் முக்கியமாக நினைப்பது மூன்று இடங்களில் கட்டிய அளவைத் தொட்டிகளை. தலைப்பில் ஒன்று, 1.1 கிலோமீட்டரில் ஒன்று, 2.1 கிலோமீட்டரில் ஒன்று. பார்ஷல் வகை, கழுத்தின் அகலம் ஒரு அடி. இதில் தண்ணீர் குறுகிய கழுத்துக்குள் வேகம் பிடித்து இறங்குவதால், மேல்புறத்தில் ஒரே ஒரு அளவுகோலைப் பார்த்தால் போதும்:

```
Q = 4 × H^1.522
```

H என்பது அடியில் உயரம், Q கன அடி. கோலில் 1 அடி நின்றால் 4 கன அடி, 0.95 நின்றால் 3.7, 0.9 நின்றால் 3.4. பத்தாம் வகுப்பு முடிக்காதவரும் கோலைப் பார்த்துக் கன அடி சொல்லும்படி, பக்கத்துச் சுவரிலேயே அட்டவணையைப் பெயின்டில் எழுதியிருக்கிறோம்.

வேலை முடிந்தபின் அளந்தபோது மூன்று தொட்டியிலும் சரியாக அந்த மூன்று அளவுதான் நின்றது: மேலே 4, நடுவில் 3.7, கடையில் 3.4. கசிவு குறைந்ததே தவிர நிற்கவில்லை. மண் வாய்க்காலில் அது நிற்காது. ஆக 42 நிமிடக் கணக்கையே தொடர்ந்திருந்தால், இவ்வளவு செலவு செய்த பிறகும் கடைமடைக்கு 2.4 அங்குலமும் தலைமடைக்கு 2.8 அங்குலமும்தான். சிமென்ட் செய்யக்கூடியது அவ்வளவுதான். மீதியைக் கூட்டத்தில் பேசித்தான் தீர்க்க வேண்டியிருந்தது.

புதிய முறை இது. வாய்க்கால் முழுக்க நிறைய நான்கு மணி நேரம் ஆகிறது. அதை யார் கணக்கிலும் வைக்காமல் பொதுவில் கழித்தோம். மீதி 164 மணி. மேல், நடு, கடை என்று மூன்று பகுதி, ஒவ்வொன்றிலும் இரண்டு மடை, 80 ஏக்கர். தண்ணீர் எந்த அளவுக்குக் குறைகிறதோ அந்த அளவுக்கு நேரம் கூட வேண்டும். அப்படி வகுத்ததில் மேல் பகுதிக்கு ஏக்கருக்கு 38 நிமிடம், நடுப் பகுதிக்கு 41, கடைக்கு 44. பெருக்கிப் பார்த்தால் மூன்று இடத்திலும் இரண்டரை அங்குலம் வரும்.

தலைமடை உறுப்பினர்கள் இதை ஒரே நாளில் ஒத்துக்கொண்டார்கள் என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். நான்கு நிமிடம் போகிறதே என்பதைவிட, "கசிவுக்கு நாங்கள் ஏன் பொறுப்பு?" என்பதுதான் அவர்கள் கேள்வி. அவர்கள் நிலத்தோரமாக ஓடும்போதுதான் கசிகிறது, அவர்கள் கிணற்றில்தான் ஊறுகிறது என்று கடைமடைக்காரர்கள் திருப்பிக் கேட்டார்கள். மூன்று கூட்டம் ஆனது. கடைசியில் முடிவைக் கொண்டுவந்தது தொட்டிதான். தலைமடைக்காரர்கள் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு கடைத் தொட்டிக்கு நடந்தோம். கோலைக் குனிந்து அவர்களே படித்தார்கள். பஞ்சாப், ஹரியானாவில் இதே போன்ற முறைப் பாசனத்தில் வாய்க்கால் நிறையும் நேரத்துக்கு மட்டும் கழிவு கொடுக்கிறார்கள், கசிவுக்குக் கொடுப்பதில்லை. அங்கே கடைமடைக்குக் குறைவது அதனால்தான் என்பது எங்கள் எண்ணம்.

இன்னொரு மாற்றம், முறையைக் கடைமடையிலிருந்து தொடங்குகிறோம். இடையில் மேலே தண்ணீர் நின்றுபோனால் இழப்பு தலைமடைக்கு. அதனால் கடைமடை பாயும்போது திருட்டு நடக்காமல் காவல் இருப்பது இப்போது தலைமடைக்காரர்களே! கடைமடை முடிந்து மேலே மாறும்போது கீழ் வாய்க்காலில் தேங்கி நிற்பது கடைமடைக்கு இனாம்தானே என்று ஒரு கேள்வி வந்தது. கணக்குப் போட்டால் அது மொத்தமே சுமார் 4 ஏக்கர்-அங்குலம். 80 ஏக்கருக்குப் பிரித்தால் விரல் நனையாது, விட்டுவிட்டோம். ராத்திரி முறை ஒருவருக்கே திரும்பத் திரும்ப விழாமல் இருக்க, ஒவ்வொரு மடைக்குள்ளும் வரிசையைச் சுற்றுக்கொரு முறை தலைகீழாக்குகிறோம்.

இரண்டாம் சுற்றில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். நடுத் தொட்டிக் கோலில் 1.05 அடி நின்றது. நாலு கன அடிக்கும் மேல்! தலைப்பிலேயே நாலுதான் வருகிறது, அதைத் தாண்டி நடுவில் எப்படி வரும்? கடையிலோ 0.8-தான். தொட்டியைப் போய்ப் பார்த்தால், கழுத்தைத் தாண்டியதும் வழக்கமாக இறங்கி எழும் அலையைக் காணோம், தண்ணீர் குளம் போல் நின்றது. கீழே 60 மீட்டரில் வாழைத் தண்டையும் மணல் மூட்டையையும் குறுக்கே போட்டு மட்டத்தை உயர்த்தி, பழைய குழாய் ஓட்டை ஒன்றின் வழியாக யாரோ பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கீழ்மட்டம் மேல்மட்டத்தில் 70 சதவீதத்தைத் தாண்டினால் இந்த வகைத் தொட்டியின் ஒற்றைக் கோல் பொய் சொல்லும், கூட்டித்தான் சொல்லும். புல் அடைத்தாலும் இதே கதைதான். ஆகவே கோலை மட்டும் படித்து நோட்டில் எழுதாதீர்கள், அலை தெரிகிறதா என்று பார்த்து அதையும் எழுதுங்கள். ஓட்டை அன்றே அடைக்கப்பட்டது. அபராதம் வசூலாகிவிட்டது. பெயர் இங்கே வேண்டாம்.

ஒரு குறையும் மீதம் இருக்கிறது. 38, 41, 44 என்பது தலைப்பில் 4 கன அடி வரும்போதுதான் பொருந்தும். வரத்து குறைந்தால் கசிவு அதே விகிதத்தில் குறையாது. கடைமடை மறுபடி அடிபடும். தலைப்புக் கோல் 0.8 அடிக்குக் கீழே, அதாவது 2.85 கன அடிக்குக் கீழே போனால் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்காமல், கடைப் பகுதியையும் நடுவில் கீழ் மடையையும் அந்தச் சுற்றிலும், மற்ற மூன்று மடைகளை அடுத்த சுற்றிலும் விடலாம் என்று குழு பரிந்துரைக்கிறது. இதற்குப் பொதுக்கூட்டத்தின் ஒப்புதல் வேண்டும்.

உறுப்பினர் பங்கு ஏக்கருக்கு 500 ரூபாய் வீதம் 1,20,000 வர வேண்டியதில் 11 ஏக்கருக்கான 5,500 ரூபாய் நிலுவை. வரவு செலவு நோட்டும் மூன்று சுற்றின் கோல் நோட்டும் சங்க அறையில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அடுத்த அடைப்பில் தண்ணீர் வடிந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு மூன்று தொட்டிகளின் கீழ்ப்புறமும் புல் வெட்ட வேண்டும். மடைக்கு இரண்டு பேர் வீதம் வரவும், அரிவாள் அவரவர் கொண்டுவர வேண்டும்.